அத்தை கேட்ட 1.40: ஆனுவல் ரிப்போர்ட்ல ரெண்டு விகிதம் படிக்கிற கதை

இந்த எபிசோட் முழுக்க ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் திண்டுக்கல்ல எங்க அத்தை வீட்டு ஹால்ல நடந்தது. அத்தையும் மாமாவும் 19 வருஷம் ரெடிமேட் கடை வச்சிருந்தாங்க. இப்ப கடை இல்ல. கடையை மூடும்போது மிஞ்சினதுல ஒரு 3 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்ல இருந்து, முதிர்வாகி கைக்கு வந்திருக்கு. அந்த நேரம் பார்த்து சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு துணிக் கம்பெனி பங்கை வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கார். கூடவே அந்தக் கம்பெனியோட ஆனுவல் ரிப்போர்ட், 200 பக்கத்துக்கு மேல, முழுக்க இங்கிலீஷ்.

அவர் எழுதினது இவ்வளவுதான்: "கரண்ட் ரேஷியோ 1.40, போன வருஷத்தை விட நல்லாருக்கு. கடன் விகிதம் 0.38தான். தைரியமா போடலாம்."

அத்தை ஏற்கெனவே ஒரு சீட்டுல பணத்தை விட்டவங்க. அதனால தைரியமா போடலாம்னு யாராவது சொன்னாலே அவங்களுக்கு பயம் வந்துடும். என்னைப் பார்த்ததும் போனை நீட்டி, "இந்த 1.40 என்னடா? ரூபாயா, சதவீதமா? எதுக்கு நான் இதைப் பார்த்து சந்தோஷப்படணும்?"னு கேட்டாங்க. ரொம்ப சரியான கேள்வி.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர், செபில பதிவு பண்ண ஆலோசகர் கிடையாது. கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல, நம்பர்களையும் ரவுண்டு பண்ணி மாத்தியிருக்கேன். பங்கு சிபாரிசு எதுவும் இதுல இல்ல.

முதல் வேலை, அந்த 1.40 ரிப்போர்ட்ல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. முன்னாடி இருக்குற பக்கங்கள் எல்லாம் சேர்மன் கடிதம், மரம் நட்ட போட்டோ, விருது வாங்கின போட்டோ. அதையெல்லாம் தாண்டி, பிடிஎஃப்ல தேடுற இடத்துல `Current ratio`ன்னு டைப் பண்ணினேன். மூணு நாலு இடத்துல வரும். நமக்கு வேண்டியது `Notes to the standalone financial statements` பகுதியோட கடைசிப் பக்கங்கள்ல இருக்குற டேபிள். சில ரிப்போர்ட்ல கணக்குப் பக்கங்களை ஸ்கேன் பண்ணி ஒட்டியிருப்பாங்க, அதுல தேடினா ஒண்ணும் கிடைக்காது. பின்னாலிருந்து பக்கம் பக்கமா புரட்ட வேண்டியதுதான்.

அந்த டேபிள் அங்க இருக்குறதுக்கே ஒரு காரணம் உண்டு. 2021 மார்ச் 24-ம் தேதி மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் கம்பெனிச் சட்டத்தோட மூணாவது அட்டவணையை மாத்துச்சு. அந்த ஏப்ரல் 1-லேர்ந்து 11 விகிதங்களைக் கணக்குக் குறிப்புலேயே போடணும், மேல என்ன, கீழ என்னன்னு சொல்லணும், போன வருஷத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல மாறியிருந்தா ஏன்னு விளக்கணும். கரண்ட் ரேஷியோவும் டெட் ஈக்விட்டி ரேஷியோவும் அந்த 11-ல முதல் ரெண்டு. இந்த 25 சதவீதத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையில திரும்ப வரும்.

டேபிள்ல 1.40ன்னு இருந்தது. போன வருஷம் 1.25. வாட்ஸ்அப் சொந்தக்காரர் பொய் சொல்லல. ஆனா நான் அத்தையை அங்க நிறுத்தாம `Balance Sheet`னு தலைப்பு போட்ட பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். விகிதங்கறது ஒரு வகுத்தலோட விடை. எதை எதால வகுத்தாங்கன்னு பார்க்காம விடையை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

அந்தப் பக்கத்துல முதல்ல பார்க்க வேண்டியது மேல் மூலையில சின்ன எழுத்துல இருக்குற `₹ in lakhs`. இந்த ரிப்போர்ட்ல 28,000.00ன்னு இருந்தா அது 28 ஆயிரம் ரூபாய் இல்ல, 28 ஆயிரம் லட்சம், அதாவது 280 கோடி. அத்தை முதல்ல இதைப் பார்த்துட்டு, "எங்க கடையே இதைவிடப் பெருசா இருந்துச்சே"ன்னாங்க.

கோடிக்கு மாத்தி, பேப்பர்ல நான் எழுதிக் காட்டினது இது. பக்கத்தைப் படிக்கிறவங்களுக்காக அப்படியே போடறேன்.

```
                           This year   Last year
Inventories                   140          90
Trade receivables             120          70
Cash and bank                   8          25
Other current assets           12          15
Total current assets          280         200
Total current liabilities     200         160

Current ratio = Total current assets / Total current liabilities
This year: 280 / 200 = 1.40
Last year: 200 / 160 = 1.25
```

`Current`ங்கிற வார்த்தைக்கு இங்க கரண்டோட சம்பந்தம் இல்ல. பொதுவா அடுத்த 12 மாசத்துக்குள்ளன்னு அர்த்தம். மேல இருக்குறது 12 மாசத்துக்குள்ள பணமா மாறும்னு கம்பெனி நினைக்கிற சொத்து. கீழ இருக்குறது 12 மாசத்துக்குள்ள கட்டியாக வேண்டிய பாக்கி. அப்ப 1.40ன்னா, ஒரு வருஷத்துக்குள்ள ஒரு ரூபாய் கட்டணும்னா, அதுக்கு எதிரா 1 ரூபாய் 40 காசு கையில இருக்கு, இல்லைன்னா கைக்கு வரவேண்டியிருக்கு.

"அப்ப நல்லதுதானேடா"ன்னாங்க அத்தை.

நான் பதில் சொல்லல, கடைக் கதைக்குப் போனேன். "அத்தை, ஒரு தீபாவளிக்கு நீங்க நிறைய சரக்கு எடுத்து, அதுல பாதி விக்காம தங்கிப் போச்சுன்னு வைங்க. மிச்சப் பாதியையும் கடனுக்குக் குடுத்துட்டீங்க, பணம் வரல. அன்னைக்கு கடையில சரக்கு அதிகமா, கம்மியா?"

"அதிகம்தான்."

"பாக்கி நோட்டுல வரவேண்டியது?"

"அதுவும் அதிகம்."

"அப்ப உங்க கரண்ட் ரேஷியோ?"

அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது ஏறியிருக்குமா? நான் தூங்காம கிடந்த வருஷம்டா அது"ன்னாங்க.

இந்த எபிசோட்ல நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். விக்காத சரக்கும் வராத பாக்கியும் `Total current assets`ஐ ஊத வைக்கும். வியாபாரம் மோசமாகும்போதே விகிதம் நல்லாகிற மாதிரி தெரியும். இந்தக் கம்பெனியோட நாலு வரியைத் திரும்பப் பாருங்க. விகிதத்தை ஏத்தினது யாரு? சரக்கு 90-லேர்ந்து 140. வரவேண்டிய பாக்கி 70-லேர்ந்து 120. ரொக்கமும் பேங்க்ல இருக்குறதும் 25-லேர்ந்து 8-ஆ இறங்கியிருக்கு. கட்ட வேண்டியது 160-லேர்ந்து 200. கையில காசு மூணுல ஒரு பங்கா குறைஞ்ச வருஷத்தில்தான் விகிதம் 1.25-லேர்ந்து 1.40 ஆகியிருக்கு.

வியாபாரம் பெருகினா சரக்கும் பாக்கியும் கூடத்தானே செய்யும்னு நீங்க கேக்கலாம், நியாயம்தான். அதுக்குத்தான் அடுத்த பக்கம், `Statement of Profit and Loss`. அதுல முதல் வரி `Revenue from operations`, மொத்த விற்பனை. இங்க போன வருஷம் 500 கோடி, இந்த வருஷம் 520 கோடி. விற்பனை 4 சதவீதம் கூடினதுக்கு வரவேண்டிய பாக்கி 70 சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு. இதை நாள் கணக்குல பார்த்தா அத்தை மாதிரி கடைக்காரங்களுக்கு உடனே பிடிபடும். பாக்கியை விற்பனையால வகுத்து 365-ஆல பெருக்கணும். போன வருஷம் 51 நாள் வந்தது, இந்த வருஷம் 84 நாள். அதாவது சராசரியா ஒண்ணரை மாசத்துக்குக் கொஞ்சம் மேல கடன் குடுத்துட்டு இருந்த கம்பெனி, இப்ப மூணு மாசத்துக்குக் கிட்ட குடுக்குது.

84 சராசரிதான். எந்தப் பாக்கி எவ்வளவு பழசுன்னு தெரியணும்னா, `Trade receivables` வரிக்குப் பக்கத்துல ஒரு நோட் நம்பர் இருக்கும், அதைப் பிடிச்சுப் போகணும். அங்க `Ageing schedule`னு ஒரு டேபிள். ஆறு மாசத்துக்குள்ள, ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம், ஒண்ணுலேர்ந்து ரெண்டு வருஷம்னு பாக்கியைப் பிரிச்சு வச்சிருப்பாங்க. இதுவும் அதே 2021 மாற்றத்துல கட்டாயமானதுதான். இந்தக் கம்பெனியில ஆறு மாசத்தைத் தாண்டினது போன வருஷம் 8 கோடி, இந்த வருஷம் 30 கோடி.

சரக்குக்கும் இதே மாதிரி நோட் உண்டு. பஞ்சு, நூல் மாதிரி மூலப்பொருள் தனி, தயாராகி விக்காம இருக்குறது தனி. `Finished goods` 38 கோடியிலேர்ந்து 80 கோடி ஆயிருந்தது. விலை ஏறும்னு மூலப்பொருளை வாங்கி வச்சிருந்தா அது வேற கதை. இங்க ஏறினதுல பெரும்பகுதி தச்சு முடிச்ச சரக்கு. எவ்வளவு நாளா கிடக்குதுன்னு ரிப்போர்ட்ல போட மாட்டாங்க. இருக்குறதுலயே பெரிய குறை இதுன்னு நான் நினைக்கிறேன்.

இந்த இடத்துல அத்தையே பேனாவை வாங்கிட்டாங்க. "ஆறு மாசத்துக்கு மேல வராத காசு வராதுன்னு வை. தங்கின துணி ஆடித் தள்ளுபடியில பாதி விலைக்குத்தான் போகும். அப்படிப் போட்டுப் பாரு." போட்டேன். இந்த வருஷம் 280-ல பழைய பாக்கி 30-ஐயும் தயாரான சரக்குல பாதி 40-ஐயும் கழிச்சா 210. அதை 200-ஆல வகுத்தா 1.05. போன வருஷத்துக்கும் அதே கத்தரி: 200-ல 8-ம் 19-ம் போனா 173, அதை 160-ஆல வகுத்தா 1.08.

இதை உள்ளபடி பார்க்கணும். அத்தை கணக்குலயும் கம்பெனி மூழ்கிப் போகல. 1.08 கிட்டத்தட்ட அப்படியே 1.05-ஆ நிக்குது. ஆனா ரிப்போர்ட்ல தெரிஞ்ச அந்த முன்னேற்றம் காணாம போச்சு. ஆடித் தள்ளுபடி முறை எந்த அக்கவுண்டிங் புத்தகத்துலயும் இல்ல, பஞ்சு ஆலைக்கும் மருந்துக் கம்பெனிக்கும் ஒரே கத்தரியைப் போடவும் கூடாது. ரெண்டு வருஷத்துக்கும் ஒரே அளவா போட்டாத்தான் ஒப்பிட முடியும், அவ்வளவுதான்.

இப்ப அந்த 25 சதவீத விஷயம். 1.25-லேர்ந்து 1.40ங்கிறது 12 சதவீத மாற்றம். அதனால கரண்ட் ரேஷியோவுக்கு எதிர்ல விளக்கம் எதுவுமே இல்ல. சட்டப்படி தேவையும் இல்ல. அதே டேபிள்ல கொஞ்சம் கீழ `Trade receivables turnover ratio`, பாக்கி ஒரு வருஷத்துல எத்தனை தடவை வசூலாகி சுத்தி வருதுங்கிற கணக்கு, 7.35-லேர்ந்து 5.47-க்கு இறங்கியிருந்தது. அது 25 சதவீதத்தை மயிரிழையில தாண்டிடுச்சு. அதனால விளக்கம் எழுத வேண்டிய கட்டாயம். எழுதியிருந்த விளக்கம்: ஆண்டு இறுதியில் வரவேண்டிய பாக்கி அதிகரித்ததால். நான் தமிழ்ல சொன்னதும் அத்தை சிரிச்சுட்டாங்க. "ஏன்டா லேட்டுன்னு கேட்டா, நேரமாயிடுச்சுங்கிற மாதிரி இருக்கே."

சரி, அடுத்து அந்த 0.38.

டெட் ஈக்விட்டி ரேஷியோ இதைவிட எளிசு. கம்பெனி வட்டிக்கு வாங்கின கடனை, முதலாளிகளோட சொந்தப் பணத்தால வகுக்கணும். சொந்தப் பணம்னா பங்குதாரர்கள் போட்டதும், இத்தனை வருஷமா லாபத்துல வெளிய எடுக்காம உள்ளயே விட்டதும். பேலன்ஸ் ஷீட்ல `Equity share capital`, `Other equity`ன்னு ரெண்டு வரி. இங்க 20 கோடியும் 180 கோடியும், மொத்தம் 200.

கடன் வரியைத்தான் நிறைய பேர் தப்பா எடுக்கறாங்க. `Borrowings`ங்கிற அதே வார்த்தை பேலன்ஸ் ஷீட்ல ரெண்டு தடவை வரும். முதல்ல `Non-current liabilities` கீழ, ஒரு வருஷத்துக்கு அப்புறம் கட்ட வேண்டியது: 75 கோடி. திரும்ப `Current liabilities` கீழ, ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டியது: 125 கோடி. சொந்தக்காரர் முதல் வரியை மட்டும் எடுத்திருக்கார்.

```
75 / 200         = 0.38
(75 + 125) / 200 = 1.00
```

ரிப்போர்ட்ல இருக்குற விகித டேபிள்லயே 1.00ன்னுதான் போட்டிருக்கு, பக்கத்துல `Total debt`னும் எழுதியிருக்கு. 0.38 அவருக்கு எங்க கிடைச்சதுன்னு தெரியல. சில வெப்சைட்ல நீண்ட காலக் கடனை மட்டும் வச்சு ஒரு விகிதம் தனியா இருக்கும், அங்கிருந்து வந்திருக்கலாம். போன வருஷம் இதே கணக்கு 150 கோடி கடன், 195 கோடி சொந்தப் பணம், 0.77. அங்கேர்ந்து 1.00ங்கிறது 30 சதவீத ஏற்றம். இதுக்கும் விளக்கம் இருந்தது, நடைமுறை மூலதனக் கடன் கூடியதால்னு.

அத்தைக்கு அந்த வார்த்தை புரியல. நான் "சிசி அத்தை, பேங்க்ல சரக்கைக் காட்டி வாங்குற சிசி"ன்னதும் புரிஞ்சுடுச்சு. கடையிலயும் அவங்களுக்கு ஒரு கேஷ் கிரெடிட் அக்கவுண்ட் இருந்தது. `Borrowings` நோட்டைத் திறந்தா அந்த 125 கோடி ரெண்டா பிரிஞ்சிருந்தது. 30 கோடி `Current maturities of long-term borrowings`, அதாவது நீண்ட காலக் கடன்ல இந்த வருஷம் வர்ற தவணை. மிச்சம் 95 கோடி சிசி. அதுக்கு எதிர்ல `Repayable on demand`னு இருந்தது. பேங்க் கேட்ட அன்னைக்குக் கட்டணும்.

"கேட்டா கட்ட கையில என்ன இருக்கு?"

8 கோடி. அத்தை பேப்பர்ல அந்த 8-ஐச் சுத்தி வட்டம் போட்டாங்க.

சிசியை பேங்க் திடீர்னு ஒரு நாள் மொத்தமா திருப்பிக் கேக்கறது அபூர்வம். வருஷா வருஷம் புதுப்பிச்சுட்டே போவாங்க. பெரும்பாலான உற்பத்திக் கம்பெனி இப்படித்தான் ஓடுது, அதனால இதுவே தப்புன்னு நான் சொல்லல. ஆனா புதுப்பிக்கும்போது சரக்கும் பாக்கியும்தான் அடமானம். அது தரமா இல்லைன்னா லிமிட் குறையும். ரெண்டு விகிதமும் ஒண்ணை ஒண்ணு தொடற இடம் இதுதான். தங்கின சரக்கு கரண்ட் ரேஷியோவோட மேல் பக்கத்துல சொத்தா நிக்குது. அதைக் காட்டி வாங்கின சிசி கீழ் பக்கத்துல பாக்கியா நிக்குது, டெட் ஈக்விட்டியில கடனாவும் நிக்குது.

கடன் எதுக்குப் போச்சுங்கிறதை `Cash flow statement` நேராவே சொல்லும். அதுல ஒரு வரி, `Net cash from operating activities`, வியாபாரத்துலேர்ந்து உள்ள வந்த ரொக்கம். இங்க அந்த இடத்துல `(47)`ன்னு இருந்தது. இங்கிலீஷ் கணக்குல அடைப்புக்குறி போட்டா மைனஸ். இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அத்தையும் வெறும் 47ன்னுதான் படிச்சாங்க. அந்த வருஷம் வியாபாரம் 47 கோடியை விழுங்கியிருக்கு. புதுசா வாங்கின கடன் 50 கோடி. மிஷின் வாங்கவோ ஷெட் கட்டவோ பெருசா எதுவும் போகல. கடன் வாங்கின காசு தங்கின சரக்காவும் வராத பாக்கியாவும் உக்காந்திருக்கு. இதுக்கு நடுவுல லாபம்னு 5 கோடி காட்டியிருக்காங்க. அது பொய் லாபம் இல்ல. வித்த அன்னைக்கே லாபமா எழுதலாம், காசு வந்த அன்னைக்குத்தான் ரொக்கம்.

இப்ப வகுத்தலோட கீழ் பக்கம், அந்த 200 கோடி சொந்தப் பணம். `Other equity` நோட்டுல `Revaluation surplus`னு 50 கோடி இருந்தது. சில வருஷத்துக்கு முன்னாடி ஆலை இருக்குற நிலத்தை இன்னைய விலைக்கு மறுமதிப்பீடு பண்ணி, ஏறின மதிப்பை இங்க சேர்த்திருக்காங்க. அக்கவுண்டிங் விதிப்படி இது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனா யாரும் 50 கோடி கொண்டு வந்து போடல, சம்பாதிக்கவும் இல்ல. அத்தை சொன்னது: "எங்க வீட்டு மனையும்தான் விலை ஏறியிருக்கு. அதுக்காக பால்காரனுக்கு மண்ணை அள்ளியா குடுக்க முடியும்?" கம்பெனிச் சட்டமே நிகர மதிப்பை வரையறுக்கும்போது மறுமதிப்பீட்டுல வந்த ரிசர்வை சேர்க்கக் கூடாதுங்குது. அதை எடுத்துட்டா 200-ஐ 150-ஆல வகுக்கணும், 1.33 வரும். வாட்ஸ்அப்ல 0.38, ரிப்போர்ட்ல 1.00, அத்தை பேப்பர்ல 1.33. கம்பெனி ஒண்ணுதான், தேதியும் ஒண்ணுதான்.

1.33 ரொம்ப அதிகமா? தனியா கேட்டா பதில் இல்ல. வட்டி கட்ட முடியுதான்னு பார்க்கணும். லாப நஷ்டக் கணக்குல `Finance costs` 20 கோடி, வரிக்கு முன்னாடி லாபம் 6 கோடி. ரெண்டையும் கூட்டினா வட்டி கட்டறதுக்கு முன்னாடி சம்பாதிச்சது 26. அதை 20-ஆல வகுத்தா 1.3 மடங்கு. போன வருஷம் 39-ஐ 15-ஆல, 2.6 மடங்கு. வட்டிக்கு மேல இருந்த தாங்கு சக்தி ஒரே வருஷத்துல பாதியாயிருக்கு.

நடுவுல அத்தை இன்னொண்ணு கேட்டாங்க. ஏற்கெனவே அவங்ககிட்ட ஒரு பேங்க் பங்கு கொஞ்சம் இருக்கு, அதோட கரண்ட் ரேஷியோ எங்கேன்னு. இருக்காது. பேங்கோட பேலன்ஸ் ஷீட்ல நடப்பு, நடப்பு அல்லாததுங்கிற பிரிவே கிடையாது. நாம போடற டெபாசிட் எல்லாம் பேங்குக்குக் கடன், அதனால டெட் ஈக்விட்டியும் அங்க அர்த்தமில்லாம பெருசா வரும். அதே மாதிரி, கவுண்டர்ல காசு வாங்கி வித்துட்டு சப்ளையருக்கு ரெண்டு மாசம் கழிச்சுக் கட்டற வியாபாரத்துல கரண்ட் ரேஷியோ 1-க்குக் கீழ இருந்தாலும் நிம்மதியா இருப்பாங்க. 2 இருந்தா நல்லது, 1-க்குக் கீழ மோசம்னு யூடியூப்ல வர்ற ஒரே அளவுகோல் எல்லா தொழிலுக்கும் பொருந்தாது. துணிக் கம்பெனியை துணிக் கம்பெனியோடதான் வச்சுப் பார்க்கணும். முடிஞ்சா அதையே அதோட போன வருஷத்தோட.

கடைசியா ஒரு குறிப்பு. இதை நானே தற்செயலாத்தான் பார்த்தேன். ஆடிட்டர் அறிக்கைக்குப் பின்னாடி `Annexure`னு ஒண்ணு வரும். 5 கோடிக்கு மேல இந்த மாதிரி சரக்கையும் பாக்கியையும் அடமானம் வச்ச கடன் லிமிட் இருந்தா, கம்பெனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேங்குக்குக் குடுத்த சரக்குக் கணக்கும் புத்தகத்துல இருக்குற கணக்கும் ஒத்துப் போகுதான்னு ஆடிட்டர் அதுல சொல்லணும். இந்தக் கம்பெனியில டிசம்பர் காலாண்டுக்கு ஒத்துப் போகல. பேங்குக்குக் காட்டினது புத்தகத்தைவிட 18 கோடி அதிகம். காரணமா போட்டிருந்தது, கணக்கு முடிக்கிறதுக்கு முன்னாடி தற்காலிகமா குடுத்த நம்பர்னு.

அது நிஜமாவே இருக்கலாம். மாசம் முடிஞ்ச சில நாள்லயே பேங்குக்குக் குடுக்கணும், கணக்கு அப்புறம்தான் முடியும். வித்தியாசம் சில காலாண்டுல கூடவும் சில காலாண்டுல குறையவும் இருந்தா நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். இங்க நாலு காலாண்டுல மூணுல வித்தியாசம், மூணுமே பேங்குக்கு அதிகமா காட்டின பக்கம். அத்தை கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாங்க. "சிசி லிமிட்டுக்காக நாங்களும் ஒரு தடவை சரக்கைக் கூட்டி எழுதினோம்டா. அந்த வருஷம்தான் கடை இறங்க ஆரம்பிச்சுது." மாமா பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தார், ஒண்ணும் சொல்லல.

அத்தை முடிவு என்னன்னு கேப்பீங்க. இப்போதைக்கு வாங்கல. இந்த நம்பர் எல்லாம் மார்ச் 31 அன்னைக்கு ஒரே ஒரு நாள் எடுத்த போட்டோ. வருஷ முடிவுல துணி டெஸ்பாட்ச் ஆகி ஏப்ரல்ல காசு வந்திருந்தா, நாங்க போட்ட கணக்குல பாதி அநியாயமாவும் இருக்கலாம். லிஸ்ட் ஆன கம்பெனிங்க செப்டம்பர் காலாண்டு ரிசல்ட்டோட பேலன்ஸ் ஷீட்டும் குடுக்கணும், பொதுவா நவம்பர் நடுவுக்குள்ள வந்துடும். அதுல ஆறு மாசத்துக்கு அப்புறம் பாக்கியும் சரக்கும் எங்க இருக்குன்னு தெரியும். ஆனா அதுல பாக்கியோட வயசு டேபிள் இருக்காது, மொத்தம் மட்டும்தான் கிடைக்கும்.

3 லட்சத்தை ஆறு மாச டெபாசிட்டுல போட்டுட்டாங்க. வட்டம் போட்ட அந்த 8 இருக்குற பேப்பர் ஃபிரிட்ஜ்ல காந்தத்துல மாட்டியிருக்கு. கிளம்பும்போது சொந்தக்காரருக்கு என்ன பதில் அனுப்பறதுன்னு கேட்டேன். "நீ டைப் பண்ணு, நான் சொல்றேன்"ன்னாங்க. அனுப்பினது ஒரே வரி: "ஆறு மாசத்துக்கு மேல வராத பாக்கி 30 கோடி யார்கிட்டன்னு விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி."

ரெண்டு புளூ டிக் வந்திருக்கு. பதில் இன்னும் வரல.